ஜஹனாரா நடந்த வழி

ஜஹனாராவை நான் ஒரே ஒரு தடவை அறைந்திருக்கிறேன். கோடவுன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பட்டப்பகலில், மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்க அறைந்தேன். அவளுடைய மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்போலவே மெதுவாக நடந்தாள். அந்த மெதுநடைதான் என்னைப் பைத்தியமாக அடித்தது.

என் பெயர் ஸ்வர்ணலதா. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு மாடியறையில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கடை என் பெயரில் இருக்கிறது, ஆனால் கடையே குலாம் முகம்மது பாயின் வலது கைதான். அவர் வெட்டினால் பிளவுஸ் உடம்பில் உட்காரும். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு வாய்ப்பாட்டு டீச்சர் இருக்கிற ஊர் இது. "எங்காத்துல எல்லாருக்கும் பாய் வெட்டினாத்தான் சரியா இருக்கு, நீங்க தொடாதேங்கோ" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிற மாமிகளும் உண்டு. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அது பொய்யில்லை.

ஜஹனாரா அவருடைய மனைவி. கொக்கி வைப்பது, கை தையல், ஃபால்ஸ் எல்லாம் அவள் வேலை. திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலுக்குப் பின்னால் பிறந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். பதினாறு வருஷமாக என்னிடம் வேலை செய்கிறாள், அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நான் கத்துவேன், கத்திரிக்கோலை வீசுவேன், ஊசி டப்பாவைத் தட்டிவிடுவேன். அவள் உட்கார்ந்து ஊசிகளைப் பொறுக்குவாள். "முடிஞ்சுதாக்கா? டீ சொல்லவா?" என்பாள். இந்தப் பொறுமை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆளை உசுப்பிவிட்டு வேடிக்கை பார்க்கிற பொறுமை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். அவளுக்கு வழி தெரியாது. மயிலாப்பூரிலேயே குளத்தைச் சுற்றிவிட்டால் கிழக்கு மேற்கு குழம்பிவிடும். மாதம் ஒருமுறை லைனிங் துணி எடுக்க பாயோடு கோடவுன் தெருவுக்குப் போவாள். கூட்டத்தில் அவர் முன்னால் போக, இவள் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவாள். தலையைத் தூக்கி ஒரு போர்டைப் படித்திருக்கமாட்டாள். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன்.

சம்பவம் நடந்தது ஆவணி மாதம், முகூர்த்த சீசன். சாருலதா என்று ஒரு கல்யாணப் பெண்ணுக்கும் அவள் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து முப்பத்தெட்டு பிளவுஸ். பாய் காலையிலேயே தனியாகப் போய் டூ பை டூ லைனிங் ஆறு ரோல் எடுத்துவிட்டார். நானும் ஜஹனாராவும் ஆட்டோவில் மின்ட் தெருப் பக்கம் இறங்கி, மணியும் கல்லும் வாங்கிக்கொண்டு, உள்வழியாகவே நடந்து வந்து அவரைப் பார்ப்பதாக ஏற்பாடு. கோடவுன் தெருவுக்குள் ஒரு பெரிய துணிக்கடை வாசலில், பன்னிரண்டு மணிக்கு.

நாங்கள் வரும்போது அந்த வாசலில் கூட்டம். யாரோ திருடனைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நல்லா போடுங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன். தரையில் கிடந்தது பாய்.

வெள்ளைச் சட்டை கழுத்துவரை கிழிந்திருந்தது. தாடியில் ரத்தம். ஒருத்தன் அவர் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கி நிறுத்த, இன்னொருத்தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தான். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு உதை கொடுத்துவிட்டுப் போனான். தள்ளுவண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, விலாவில் ஒரு மிதி மிதித்துவிட்டு, மறுபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். என்ன ஏது என்றுகூட அவன் கேட்கவில்லை.

கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். அறைந்துகொண்டிருந்தவன் அந்தக் கடையின் சேல்ஸ்மேன், சக்திவேல் என்று பெயர். அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"யாரும்மா நீ? இவன் கூட்டாளியா? வாசல்ல அடுக்கி வச்ச ரோலுல ஒண்ணு காணோம். இவன் கையில ஆறு ரோல் கீது. அதே மில்லு, அதே முத்திரை. எங்கருந்து வந்துச்சு?"

"அது வாங்குனதுய்யா. பில்லைப் பாரு."

"இத்தப் பில்லுன்றியா?" என்று ஒரு துண்டுச் சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

அந்தச் சீட்டைப் பார்த்தேன். மொத்தக் கடைகளில் பாதிப்பேர் தருவது அதைத்தான். மேலே 'எஸ்டிமேட்' என்று ஒரு வார்த்தை, ஒரு நம்பர், கீழே சரக்கும் விலையும். கடைப் பெயர் கிடையாது, விலாசம் கிடையாது, போன் நம்பரும் கிடையாது. வருஷக்கணக்காக நாங்களும் அதைத்தான் வாங்கி ஆணியில் குத்தி வைத்தோம். ஒருநாள்கூட பெயர் போட்டு பில் கொடு என்று கேட்டதில்லை.

"எந்தக் கடை பாய்?" என்றேன்.

"ராயர் கட, லதாம்மா. என் போன்ல நம்பர் இருந்துச்சு..." போன் அங்கேயே நடைபாதையில் நொறுங்கிக் கிடந்தது. அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் சக்திவேல் வாயிலேயே குத்தினான்.

கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "அந்தக் கடைக்காரன் வந்து என் சரக்குன்னு சொல்லட்டும், வுட்டுர்றேன். இல்லன்னா ஸ்டேஷன்."

"அவரையே கூட்டிக்கினு போங்க, காட்டுவாரு."

"சந்துக்குள்ள இஸ்துக்கினு போனா பூடுவான். தெரியாதா எங்களுக்கு? நீ போய் கடக்காரன இட்டா."

போலீஸுக்கு நூறில் போன் அடித்தேன். வண்டி அந்தத் தெருவுக்குள் வராது, ஆட்கள் நடந்துதான் வரவேண்டும், வருகிறோம் என்றார்கள். அதற்குள் பாயின் கையைத் துண்டால் ஷட்டர் கொக்கியில் கட்டிவிட்டார்கள். அவர் ஜஹனாராவைத்தான் பார்த்தார். "அந்தக் கட உனக்குத் தெரியும் ஜஹனா. நீ வந்திருக்க" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

அதுவரை அவள் அழவில்லை, கத்தவில்லை. கூட்டத்தைவிட்டு வெளியே வந்ததும் நான் கேட்டேன். "எந்தப் பக்கம்டி?"

"இங்கருந்து தெரியாதுக்கா."

"இன்னாது?"

"இங்கருந்து நான் போனதில்ல. ஹைகோர்ட் ஸ்டாப்பிங்ல எறங்கித்தான் போவோம். அங்கருந்து நடந்தா தெரியும்."

அவளை விட்டுவிட்டு நானே விசாரிக்கத் தொடங்கினேன். ராயர் கடை, லைனிங் விற்கிற ராயர் கடை. முதல் ஆள், அப்படி ஒரு கடையே இல்லை என்றார். இரண்டாவது ஆள், அவர் எப்போதோ கடையை மூடிவிட்டார் என்றார். செல்போனில் மேப்பைத் தட்டினேன், ராயர் என்று அங்கே ஒன்றுமில்லை, நீலப் புள்ளி ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்குத் தானாகத் தாவிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒருவன், வெற்றிலை வாயும் நல்ல சிரிப்புமாக, "ராயர் கடதானே? வாங்கம்மா, காட்டுறேன்" என்று முன்னால் நடந்தான். ஜஹனாரா என் கையைப் பிடித்து இழுத்தாள். "இது இல்லக்கா" என்றாள். கையை உதறிவிட்டு அவன் பின்னால் ஓடினேன். இரண்டு திருப்பம், ஒரு மாடி. மேலே போனால் மெத்தை விரித்த ஒரு கடை, உட்காருங்க என்று ஸ்டூல் போட்டார்கள். "அதே சரக்குதாம்மா, அவரவிட மீட்டருக்கு ரெண்டு ரூபா கம்மி" என்றான் அந்த மகராசன். ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் வாங்குகிற புரோக்கர். பதினாறு வருஷமாக அந்தத் தெருவுக்குச் சரக்கு எடுக்க ஆள் அனுப்புகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். அப்போது தோன்றவில்லை. அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டு இறங்கினேன்.

கீழே ஜஹனாரா காத்திருந்தாள். நான் இறங்கியதும் கோடவுன் தெருவுக்கே முதுகைக் காட்டி, ஹைகோர்ட் பக்கம் நடக்கத் தொடங்கினாள். புருஷன் அங்கே அடி வாங்குகிறான், இவள் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள். பின்னாலேயே போனேன். வேறு என்ன செய்வது? ஹைகோர்ட் எதிரே பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று, ரோட்டுக்கு முகத்தைத் திருப்பி, பிறகு மறுபடி திரும்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள்போல.

அங்கிருந்து நடந்தாள். தலையைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்தே நடந்தாள். மூலையில் உடைந்த கருங்கல் படி, அதைத் தாண்டி இடது. சாக்கடைமேல் போட்ட இரும்புத் தகடு, மிதித்தால் ஆடும், அதை மிதித்துப் பார்த்தாள். பசை காய்ச்சுகிற நாற்றம் வருகிற இடத்தில் வலது. மூட்டைக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று இடித்துக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு தடவையும் நின்று, சுவரில் ஒட்டிக்கொண்டு, அதே இடத்திலிருந்து மறுபடி அடியெடுத்து வைத்தாள். கல்யாண ஊர்வலத்தில் போகிறவள்கூட அதைவிட வேகமாகப் போவாள்.

"ஓடுடி" என்றேன்.

"ஓடுனா தெரியாதுக்கா."

"அங்க சாவடிச்சுக்கினு இருக்காங்கடி அந்த மனுஷன."

"தெரியும்க்கா."

அப்போதுதான் அறைந்தேன்.

அறைந்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்தில் காலை வைத்துப் பார்த்து, நடந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ஓரிடத்தில் நின்றுவிட்டாள். ஒரு பழைய வீட்டின் வாசல், மூன்றடி அகல நடை, இரண்டு பக்கமும் கடைகளின் பெயர்ப்பலகை மேலிருந்து கீழ்வரை. அவள் தரையைப் பார்க்கிறாள். பளபளவென்று புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். "இங்க சிமெண்டு தரைதான். குழி இருக்கும்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஏழு எட்டு அடி போனதும் தானாகக் குனிந்தாள். நான் குனியவில்லை, படிக்கட்டின் அடிப்பக்கம் என் நெற்றியில் மோதியது. "இங்கதான்க்கா" என்றாள்.

மாடியில் மூன்றாவது கதவு. வெளியே போர்டில் வேறு ஏதோ ஏஜென்ஸி என்று யாரோ ஒரு பழைய முதலாளியின் பெயர். ராயர் என்று எங்குமே எழுதியிருக்கவில்லை. உள்ளே பாய் சொன்ன ராயர், ராகவேந்திரன் என்பவர், நெற்றியில் கோபிசந்தனமும் அட்சதையுமாக டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "என்னம்மா, பாய் காலையிலேயே வந்துட்டுப் போனாரே" என்றார். ஜஹனாரா அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை நான் சொன்னேன். அவர் டப்பாவை மூடக்கூட இல்லை, கார்பன் நகல் இருந்த சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். அவர் காட்டிய குறுக்கு வழியில் ஆறே நிமிஷம். ஜஹனாரா அப்போது ஓடினாள். அவள் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

கூட்டம் குறைந்திருந்தது. பாய் ஷட்டருக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து கிடந்தது. ராகவேந்திரன் நேராகக் கல்லாவுக்குப் போய் நகலையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "என் நம்பர், என் கையெழுத்து. பத்து மணிக்குப் போட்டேன். உங்க ரோலை எண்ணுங்க சார் முதல்ல. காலையில லோடு போச்சா? அதுல எத்தனை போச்சு?" என்று கேட்டார். முதலாளி யாருக்கோ போன் போட்டார். விழுப்புரம் பார்ட்டிக்குப் போன லோடில் ஒரு ரோல் அதிகமாக ஏறியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு போனை முன்னாலேயே போட்டிருக்கலாம்.

"தப்பு நடந்துபோச்சும்மா. மனசுல வச்சுக்காதீங்க. டேய், டீ சொல்லு" என்றார் முதலாளி.

ஜஹனாரா பாயின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். அவர் வலது கையை இடது கையால் மறைத்துப் பிடித்திருந்தார். அவள் மெல்ல விலக்கினாள். நான் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல், மூன்றும் விரல்களாகவே இல்லை.

"இன்னா பண்ணாங்க?" என்று கேட்டாள்.

எதிர் டீக்கடைக்காரர் சொன்னார். "கட்ட அவுத்துக்கினு எழுந்து போவப் பாத்தாரும்மா. அவரு கையை ஷட்டருக்கு அடியில வச்சு, இந்தாளு ஷட்டரை இறக்குனாரு. இப்பதான். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

'இந்தாளு' என்று அவர் காட்டியது சக்திவேலை. அவன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஜஹனாரா எழுந்தாள். துணி அளக்கிற இரும்பு மீட்டர் கம்பி மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்தாள். ஊசி கோக்கிற நிதானத்தில்தான் எடுத்தாள். அவன் கை மேஜைமேல் இருந்தது. முதல் அடியில் மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கீழே விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. தோளில், முட்டியில், தடுக்கத் தூக்கிய கையில் என்று அடித்துக்கொண்டே இருந்தாள், வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாயை உதைத்த தெரு முழுக்க நின்றது. ஒருத்தனும் கிட்டே வரவில்லை. நான் வேடிக்கை பார்த்தேன், பொய் சொல்வானேன், எனக்கு நன்றாகவே இருந்தது. கடைசியில் பாய்தான் "போதும் ஜஹனா" என்றார். கம்பியை எடுத்த இடத்தில் வைத்தாள்.

அப்புறம்தான் போலீஸ் நடந்து வந்து சேர்ந்தது. யார் அடித்தது என்று கேட்டார்கள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், என்னைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நான்தான் சார். அவரு கைய அவன் நசுக்குனான். அவன் கைய நான் ஒடச்சேன். ரெண்டுத்தையும் எழுதிக்குங்க." எழுதிக்கொண்டார்கள். இரண்டு கேஸும் இன்னும் நடக்கிறது, மாதம் ஒருமுறை வாய்தா. வழக்கைத் திரும்பப் பெறு, நாங்களும் பெறுகிறோம் என்று முதலாளி ஆள் அனுப்பினார். வந்தவருக்கு ஜஹனாரா டீ கொடுத்து அனுப்பினாள், அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருக்கிறது, மடங்காது. கத்திரிக்கோலின் வளையத்துக்குள் அது போகாது.

அன்று ராத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கன்னத்தில் என் விரல் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா. நெசத்த சொல்லணும்."

"கேளு."

"நான் வேகமா நடந்திருந்தா, அந்த அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிருப்போம் இல்ல?"

புரோக்கர் பின்னால் நான் ஓடிய மாடி, அந்த ஸ்டூல், மீட்டருக்கு இரண்டு ரூபாய் கம்மி, கீழே இவள் காத்து நின்றது எல்லாம் எனக்குக் கண்முன்னே வந்தது, அந்த அஞ்சு நிமிஷம் போனது அங்கேதான். அவளுக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் சொல்கிறவள் இல்லை. ஆயுசில் ஒருநாள் நிஜத்தைச் சொல்லவேண்டிய நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை.

"வேகமா போயிருந்தா வழி தப்பியிருக்கும்டி" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் அதான் நெனச்சேன்க்கா" என்றாள்.